மூன்று தவணையா, பன்னிரண்டா?

ஒரு லட்சம் ரூபாய் பிக்சட் டெபாசிட். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி, மூன்று ஆண்டுக் கெடு. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். முதிர்வில் எவ்வளவு கிடைக்கும்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், டெபாசிட் ரசீதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் இந்த இடத்தில் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள். காலாண்டு வட்டி என்றதும் 7-ஐ 4-ஆல் வகுத்து 1.75 என்று எழுதிவிடுவார்கள். அதுவரை சரி. ஆனால் அடுக்கு எண்ணைப் போடும்போது கேள்வியில் இருக்கும் ‘மூன்று ஆண்டு’ கண்ணில் பட, 1.0175-இன் மூன்றாம் அடுக்கைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விடை 1,05,342 ரூபாய் என்று வரும். சரியான விடை 1,23,144. பெருக்கலில் பிழையே இல்லை. வட்டி எத்தனை முறை அசலோடு சேர்ந்தது என்ற எண்ணிக்கைதான் தவறு. மூன்று ஆண்டில் காலாண்டுகள் பன்னிரண்டு.

இந்தக் குழப்பத்துக்குப் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு சூத்திரத்தில் n என்பது ஆண்டுகளின் எண்ணிக்கை. இன்னொன்றில் அதே n வட்டி சேரும் தவணைகளின் எண்ணிக்கை. ஒன்றில் அடுக்கு 4n என்று இருக்கும், மற்றதில் வெறும் n. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தவருக்கு நான்கால் பெருக்க வேண்டுமா வேண்டாமா என்ற தடுமாற்றம் வருவது இயல்பு.

விடையைச் சோதிக்க மறுபடி முழுக் கணக்கையும் போட வேண்டியதில்லை. ஒரு தவணைக்கான வட்டி விகிதத்தைத் தவணைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், ஆண்டு வட்டியை ஆண்டுகளால் பெருக்கியதற்குச் சமமாக இருக்க வேண்டும். நம் டெபாசிட்டில் 7 பெருக்கல் 3, அதாவது 21. சரியான கணக்கில் 1.75 பெருக்கல் 12-உம் 21 தான். தவறிய கணக்கில் 1.75 பெருக்கல் 3, வெறும் 5.25. தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். விகிதத்தை 7 என்றே விட்டுவிட்டு அடுக்கில் மட்டும் 12 போட்டால் பெருக்குத்தொகை 84 ஆகிவிடும். விடை 2,25,219 ரூபாய் என்று வரும். 7 சதவீதத்தில் பணம் இரட்டிப்பாகவே சுமார் பத்து ஆண்டு ஆகும் என்று தெரிந்தவருக்கு, மூன்றே ஆண்டில் இரண்டே கால் லட்சம் என்பது உடனே உறுத்தும்.

1,05,342 அப்படி உறுத்துவதில்லை, அதனால்தான் அது ஆபத்தானது. அதைப் பிடிக்கத் தனிவட்டி போதும். வட்டிக்கு வட்டியே இல்லாமல் ஆண்டுக்கு 7,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 21,000 வந்துவிடுகிறது, தொகை 1,21,000. கூட்டு வட்டி விடை இதற்குக் கீழே போக வழியே இல்லை. மேலேயும் ஒரு வரம்பு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்தால் 1,22,504, மாதம் ஒருமுறை சேர்ந்தால் 1,23,293. காலாண்டு விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழும். இடைவெளி எண்ணூறு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நுணுக்கமான பிழைக்கும் இதனால் தப்பிக்க முடியாது. ஒரு காலாண்டைத் தவறவிட்டு 11 என்று எண்ணியவருக்கு 1,21,026 வரும். தனிவட்டித் தொகையை 26 ரூபாயில் தாண்டிவிடும் அந்த விடை, ஆண்டு வட்டி வரம்பில் மாட்டிக்கொள்ளும்.

விடை தவறு என்று தெரிந்தபின், எங்கே தவறியது என்பதையும் அந்த விடையே சொல்லும். சாதாரணக் கால்குலேட்டரில் 1,05,342-ஐ 1.0175-ஆல் வகுத்தால் சுமார் 1,03,530. மறுபடி வகுத்தால் 1,01,750. இன்னொரு முறை வகுத்தால் ஒரு லட்சம். மூன்றே வகுத்தலில் அசலுக்கு வந்துவிட்டது. ஆகவே கணக்குப் போட்டவர் மூன்று தவணைக்குத்தான் வட்டி சேர்த்திருக்கிறார். எக்செல் பழகியவர்கள் ஒரே வரியில் இதைச் செய்யலாம்:

```
=NPER(7%/4, 0, -100000, 105342)
```

விடை கிட்டத்தட்ட 3 என்று வரும். கடைசி எண்ணை 123144 என்று மாற்றினால் கிட்டத்தட்ட 12 வரும்.

வங்கி தரும் தொகையைச் சரிபார்க்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, முழுக் காலாண்டாக அமையாத கெடு. 400 நாள் டெபாசிட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு முழுக் காலாண்டுகள் போக 35 நாள் மிஞ்சும். அந்த 35 நாளை ஐந்தாவது காலாண்டாக எண்ணினால் ஒரு லட்சம் 7 சதவீதத்தில் 1,09,062 ஆகும். வங்கிகளின் வழக்கம் வேறு. முழுக் காலாண்டுகளுக்குக் கூட்டு வட்டி சேர்ப்பார்கள். மிச்ச நாட்களுக்கு, 365 நாள் ஓர் ஆண்டு என்று கொண்டு தனிவட்டி போடுவார்கள். நான்கு காலாண்டு முடிவில் 1,07,186. அதற்கு 35 நாள் வட்டி 719 ரூபாய். ஆக 1,07,905. வங்கி ஆயிரத்துச் சொச்சம் குறைத்துவிட்டது என்று கோபப்படுமுன் மிச்ச நாட்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, வட்டி எங்கே போகிறது என்பது. காலாண்டு வட்டியைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும்படி கேட்டிருந்தால், 1,750 ரூபாய் வீதம் பன்னிரண்டு முறை வரும். அசல் ஒரு லட்சமாகவே நிற்கும். தவணை பன்னிரண்டுதான், ஆனால் கூட்டு வட்டிக்கு அங்கே இடமில்லை. வட்டியில் வருமான வரி பிடித்தம் இருந்தாலும் கையில் வரும் தொகை குறையும். அதைத் தவணை எண்ணிக்கைப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் பெருக்குத்தொகைச் சோதனையால் பிடிக்க முடியாது. காலாண்டு வட்டியை ஆண்டு வட்டியாக நினைத்துக் கணக்குப் போட்டாலும் 7 பெருக்கல் 3, 21 என்றே வரும். விடை 640 ரூபாய் மட்டும் குறையும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்கிறது என்பது கணக்கில் கிடைக்காது, திட்டத்தின் விதியில்தான் இருக்கும்.

அஞ்சலகத்திலேயே இந்த விதி திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. டைம் டெபாசிட்டில் வட்டியைக் காலாண்டு அடிப்படையில் கணக்கிட்டு ஆண்டுக்கு ஒருமுறை தருகிறார்கள், 7.5 சதவீதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 750 அல்ல, 771. ஐந்து ஆண்டு தேசிய சேமிப்புப் பத்திரத்திலோ ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி அசலோடு சேரும். 7.7 சதவீதத்தில் அதில் போட்ட பத்தாயிரம் 14,490 ஆகிறது. வங்கி டெபாசிட் பழக்கத்தில் இருபது காலாண்டு என்று கணக்குப் போட்டவர் 14,642-ஐ எதிர்பார்ப்பார். அஞ்சலகம் தருவது 14,490 தான்.