வைஃபையை மறக்கச் சொன்னால் போன் எதையெல்லாம் மறக்கும்?

போனில் நெட் வரவில்லை என்றதும் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து இரண்டு யோசனைகள் வரும். “அந்த வைஃபையை ஃபர்கெட் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாரு” என்பார் ஒருவர். “எதுக்கு வம்பு, நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணிடு” என்பார் இன்னொருவர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் முதலாவது ஒரே ஒரு வைஃபையை மட்டும் தொடும். இரண்டாவது, போன் இதுவரை சேர்த்துவைத்த எல்லா இணைப்புகளையும் துடைத்துவிடும். சில போன்களில் சிம்மே போய்விடும் ஆபத்தும் உண்டு.

முதலில் Forget. ஒரு வைஃபையில் முதல்முறை சேரும்போது அதன் பெயர், பாஸ்வேர்டு, தானாகச் சேரலாமா என்ற அனுமதி ஆகியவற்றை போன் சேமித்துக்கொள்ளும். யாராவது ஐ.பி. முகவரியையோ டி.என்.எஸ்-ஐயோ கையால் மாற்றி வைத்திருந்தால் அதுவும் அந்தப் பெயரோடு சேர்ந்தே இருக்கும். Forget அழுத்தினால் இவை மட்டும்தான் போகும். மற்ற வைஃபைகள், ப்ளூடூத், மொபைல் டேட்டா எதற்கும் ஒன்றும் ஆகாது.

இது உண்மையாகவே பலன் தரும் இடம் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பைச் சரிபார்க்க வந்தவர் ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போகிறார், பெயரை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். போன் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும். பட்டியலில் Saved என்று காட்டும், ஆனால் சேராது. சில சமயம் பாஸ்வேர்டு தவறு என்று சொல்லும். இங்கே Forget அழுத்திப் புது பாஸ்வேர்டைப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் போன் வைஃபையில் சேர்ந்துவிட்டது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்று காட்டினால் நிலைமை வேறு. போனும் ரவுட்டரும் சரியாகவே கைகொடுத்துவிட்டன. பெரும்பாலும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம்தான் பழுது இருக்கும். அதே வைஃபையில் வீட்டிலுள்ள இன்னொரு போனைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் நெட் வரவில்லையென்றால் உங்கள் போனில் எதை அழித்தும் பயனில்லை.

அழுத்துவதற்கு முன்பு பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிந்தைய போன்களில் அந்த வைஃபையைத் தொட்டு Share கொடுத்தால் கியூ.ஆர். குறியீடு வரும்; பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் தெரியும். ஐபோனில் ஐ.ஓ.எஸ். 16 முதல் சேமித்த பாஸ்வேர்டைப் பார்க்கலாம். ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐகிளவுட் கீசெயின் இயங்கினால், போனில் மறக்கச் செய்த வைஃபை அதே கணக்கிலுள்ள ஐபேட், மேக் கணினியிலிருந்தும் போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் “என்னோடதும் போச்சே” என்று கேட்பது இதனால்தான்.

வாடகைக்கு இருந்தவர் காலி செய்துபோன பிறகு, அவருடைய போனை ஃபர்கெட் செய்யச் சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்வார். அதற்கு ரவுட்டரில்தான் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

இனி ரீசெட். ஐபோனில் Reset Network Settings அழுத்தினால் சேர்ந்திருந்த எல்லா வைஃபைகளும் பாஸ்வேர்டுகளும், நாமே போட்ட வி.பி.என்., ஏ.பி.என். அமைப்புகளும் போகும். நீங்கள் வைத்த போனின் பெயர் வெறும் iPhone என்று மாறிவிடும். ரோமிங் டேட்டாவும் அணைந்துபோகலாம். வெளிநாட்டில் இருக்கும்போது செய்தால் நெட் ஏன் வரவில்லை என்று தவிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டுகளில் இவற்றோடு இணைத்து வைத்த ப்ளூடூத் கருவிகளும் போகும். காரின் ஸ்பீக்கரையும் இயர்போனையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

போட்டோ, தொடர்புகள், வாட்ஸ்அப் உரையாடல்கள், செயலிகள் எதுவும் இதில் அழியாது. அந்த அச்சம் வேண்டாம். அதே காரணத்தால், போனை விற்கும் முன் இதை மட்டும் செய்துவிட்டுக் கொடுக்கவும் கூடாது. உங்கள் தரவு எல்லாம் அப்படியே உள்ளே இருக்கும்.

வெளியே தெரியாத மாற்றம் ஒன்றும் உண்டு. இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்காலிக முகவரியைச் சொல்லித்தான் சேர்கின்றன. மேக் முகவரி என்பார்கள். ஐபோனில் ரீசெட் செய்தால் அது புதிதாகிவிடும். சில விடுதிகளிலும் அலுவலகங்களிலும் பதிவு செய்த மேக் முகவரிகளை மட்டுமே உள்ளே விடுவார்கள். அங்கே பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டும் நெட் கிடைக்காது. ரவுட்டர் கண்ணுக்கு அது முன்பின் தெரியாத போன். அங்குள்ள ஐ.டி. ஆளிடம் புது முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்வதுதான் வழி.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது இ-சிம். பிளாஸ்டிக் சிம் அட்டையை ரீசெட் எதுவும் செய்யாது. இ-சிம் என்பது போனுக்குள் இறக்கி வைத்த தரவு. கூகுளின் பிக்ஸல் போன்ற சில ஆண்ட்ராய்டுகளில் ரீசெட் பக்கத்திலேயே Erase eSIMs என்று ஒரு கட்டம் இருக்கும். முழுதாகச் சுத்தம் செய்துவிடலாமே என்ற நினைப்பில் அதிலும் டிக் போட்டுவிட்டால் எண் அந்தப் போனிலிருந்து போய்விடும். திட்டம் ரத்தாகாது, கட்டணமும் வீணாகாது. ஆனால் இ-சிம்மைத் திரும்ப இறக்கினால்தான் அந்த எண்ணில் பேச முடியும். முன்பு வந்த கியூ.ஆர். குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும்.

அதன் பிறகு நடப்பதை நினைத்துப் பாருங்கள். நிறுவனத்திடம் புது இ-சிம் கேட்கிறீர்கள். சரிபார்க்க ஓ.டி.பி. அனுப்புகிறார்கள், அது வர வேண்டிய எண்ணோ போனில் இல்லை. அடையாள அட்டையோடு கடைக்குத்தான் போக வேண்டும். இந்தியாவில் சிம் மாற்று மோசடியைத் தடுக்க, மாற்று சிம் இயங்கத் தொடங்கியபின் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கும் விதியும் இருக்கிறது. புது இ-சிம்மும் அப்படி மாற்று சிம்மாகவே எடுத்துக்கொள்ளப்பட்டால் வங்கி ஓ.டி.பி. அன்று வராது. மாதத்தின் முதல் தேதியில், வாடகை அனுப்பும் அவசரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். பிறகு போனை அணைத்துத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு வைஃபையில்தான் சிக்கல் என்றால் Forget போதும். எங்கே போனாலும், எந்த வைஃபையிலும், மொபைல் டேட்டாவிலும் ஒரே தகராறு என்றால் மட்டும் ரீசெட்டுக்குப் போகலாம். அப்போதும் மொபைல் டேட்டா பக்கத்தின் ஏ.பி.என். அமைப்பையும், அலுவலக வி.பி.என். விவரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிம்களுக்கு ஏ.பி.என். தானாகவே திரும்ப வந்துவிடும். வராதபோது கையால் போட அந்தப் படம் தேவைப்படும். பி.எஸ்.என்.எல். என்றால் அந்த இடத்தில் பொதுவாக bsnlnet என்று இருக்கும். உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தும் முன் இ-சிம் கட்டத்தில் டிக் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.