டாலரில் பாக்கி இல்லை, ரூபாயில் எட்டாயிரம் பாக்கி

கரூரில் மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பையர் இருபதாயிரம் டாலரையும் கட்டிவிட்டதாகச் சொல்கிறார். லெட்ஜரிலோ அவர் பெயரில் 8,670 ரூபாய் நிலுவை நிற்கிறது. பையர் ஏமாற்றவில்லை, வங்கியும் தவறு செய்யவில்லை. பதிய வேண்டிய மூன்று வரிகளைக் கணக்கர் பதியாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

முதலிலிருந்து பார்ப்போம். பிப்ரவரி 10 அன்று 20,000 டாலருக்குச் சரக்கு விற்பனையானது. அன்று ஒரு டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பையர் கணக்கில் 16,60,000 ரூபாய் பற்று, ஏற்றுமதி விற்பனைக் கணக்கில் அதே தொகை வரவு. இந்த விற்பனைத் தொகையை இனி யாரும் தொடக்கூடாது. பிறகு டாலர் ஏறினாலும் இறங்கினாலும் மாறுவது பையர் தரவேண்டிய கடனின் ரூபாய் மதிப்புதான். பணம் வந்தபிறகு வந்த தொகையையே விற்பனையாக எழுதிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் துண்டில் கிடைத்த லாபம் எவ்வளவு, டாலரில் கிடைத்தது எவ்வளவு என்று கடைசிவரை பிரித்தறிய முடியாது.

மார்ச் 31 வந்தது. பணம் இன்னும் வரவில்லை. அன்றைய விலை 83.50. நிலுவையில் உள்ள வெளிநாட்டுக் கடன்களை ஆண்டு முடிவின் விலைக்கு மாற்றி எழுத வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 11. ஆகவே பையர் கணக்கு 16,70,000 ஆகிறது. கூடிய 10,000 ரூபாய் அந்த ஆண்டின் அந்நியச் செலாவணி லாபம். கையில் காசு வராவிட்டாலும் லாபநட்டக் கணக்குக்குப் போய்விடும்.

ஏப்ரல் 25 அன்று பணம் வருகிறது. வழியில் இருந்த வெளிநாட்டு வங்கி 25 டாலர் எடுத்துக்கொண்டதால் வந்து சேர்ந்தது 19,975 டாலர். நம் வங்கி டாலருக்கு 83.20 வீதம் மாற்றி, தன் கட்டணம் 500 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி 90 ரூபாயும் கழித்து 16,61,330 ரூபாயை வரவு வைக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் தெரிவது இந்த ஒரு தொகை மட்டுமே. அதை மட்டும் பதிந்தால் எஞ்சுவதுதான் அந்த 8,670.

வங்கி தரும் அட்வைஸைக் கையில் எடுத்தால் முடிச்சு அவிழும். கடன் 83.50-இல் நின்றது, மாற்றியது 83.20-இல். டாலருக்கு 30 பைசா வீதம் 20,000 டாலருக்கு 6,000 ரூபாய் நட்டம். இடையில் பிடித்த 25 டாலர் 2,080 ரூபாய். நம் வங்கி எடுத்தது 590. மூன்றும் சேர்ந்து 8,670. முதலாவது செலாவணி நட்டம். மற்ற இரண்டும் வங்கிச் செலவு, அதில் ஜிஎஸ்டி 90 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் தனியே எடுக்கலாம். மொத்தத்தையும் செலாவணி நட்டம் என்று தள்ளிவிட்டால் வங்கி எவ்வளவு பிடிக்கிறது என்பதே தெரியாமல் போகும். இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் செலாவணியில் நிகர லாபம் 4,000 ரூபாய்.

கொள்முதலில் இதே கணக்கு தலைகீழாக ஓடும். 3,000 டாலருக்கு வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் வாங்கியது 83 ரூபாயில் பதிவானது, அதாவது 2,49,000. பணம் கட்டும் நாளில் வங்கி டாலரை 83.80-க்கு விற்றால் போவது 2,51,400. கூடுதல் 2,400 செலாவணி நட்டம். அதை மூலப்பொருளின் விலையில் ஏற்றக்கூடாது. நாம் கொடுக்க வேண்டியிருந்தால் டாலர் ஏற்றம் நட்டம், வாங்க வேண்டியிருந்தால் லாபம்.

பையர் முன்பணம் அனுப்பியிருந்தால் அதை மார்ச் 31 அன்று மாற்றி எழுத வேண்டாம். அதற்கு ஈடாக நாம் தரப்போவது சரக்கு, டாலர் அல்ல.

இன்னொரு குழப்பம் ஷிப்பிங் பில்லில் வரும். அதில் இருப்பது சுங்கத்துறை அறிவித்த விலை. சரக்கு ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி கணக்கும் அதையே பின்பற்றும். அது புத்தக விற்பனையோடு ஒத்துப்போகாதது பிழையல்ல. இன்வாய்ஸ் வாரியாக வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி வைத்தால் ஆடிட்டர் கேட்கும்போது காட்டலாம்.

டாலி பயன்படுத்துவோருக்குச் சோதனை எளிது. இருப்புநிலைக் குறிப்பில் `Unadjusted Forex Gain/Loss` என்ற வரி தென்பட்டால், ஏதோ ஒரு லெட்ஜரின் செலாவணி வித்தியாசம் இன்னும் ஜர்னலில் பதியப்படவில்லை என்று பொருள். கையால் கணக்கு எழுதுவோர் பையர் பக்கத்தில் டாலருக்கு ஒரு பத்தி, ரூபாய்க்கு ஒரு பத்தி போடட்டும். டாலர் பத்தி சுழியாகும் நாளில் ரூபாய்ப் பத்தியும் சுழியாக வேண்டும். ஆகாவிட்டால் பையருக்கு மெயில் அனுப்புமுன் வங்கி அட்வைஸைத் தேடுங்கள்.