கையெழுத்து, எண், காகிதம்: பழைய நோட்டின் விலை எங்கே இருக்கிறது?

பீரோவைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் பழைய ஒரு ரூபாய் நோட்டில் மன்மோகன் சிங்கின் கையெழுத்து இருந்தால் பலருக்கும் பரபரப்பு வந்துவிடுகிறது. பிரதமராக இருந்தவரின் கையெழுத்தாயிற்றே, பெரிய விலைக்குப் போகும் என்று நம்புகிறார்கள். ஆனால் ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. அதில் கையெழுத்திடுபவர் நிதித்துறைச் செயலாளர். 1976 முதல் 1980 வரை அந்தப் பதவியில் இருந்தவர் மன்மோகன் சிங். பிறகு 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டார். அவை ஏராளமாக அச்சாகி, இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. புழங்கிக் கசங்கிய நோட்டென்றால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம்.

கையெழுத்திட்டவரின் புகழ் விலையைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் கையெழுத்தோடு எத்தனை நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன என்பதே கணக்கு. 1975இல் சில மாதங்கள் மட்டும் ஆளுநராக இருந்தவர் என்.சி. சென்குப்தா. அவருடைய கையெழுத்து ஆயிரம் ரூபாய் நோட்டில் மட்டுமே வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட நோட்டு அது. 1978 ஜனவரியில் ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அரசு அறிவித்ததும், வைத்திருந்தவர்கள் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். குறைந்த காலக் கையெழுத்து, பெரிய மதிப்பு, செல்லாக்காசு அறிவிப்பு எல்லாம் சேர்ந்து நல்ல நிலையில் உள்ள நோட்டைத் தேடுபொருளாக்கிவிட்டன. அதற்காகக் குறுகிய பதவிக்காலம் என்றாலே அரிய நோட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1985இல் 20 நாள் ஆளுநராக இருந்த அமிதாவ் கோஷின் கையெழுத்தில் நோட்டே வரவில்லை.

ரிசர்வ் வங்கி நோட்டுகளின் பின்புறம் அச்சான ஆண்டு வரத் தொடங்கியது 2005இல்தான். அதற்கு முந்தைய நோட்டு ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று சொல்ல, கையெழுத்தும் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளுமே கைகொடுக்கின்றன.

எண் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். ஒவ்வொரு முன்னெழுத்துத் தொகுப்பிலும் பத்து லட்சம் நோட்டுகள் அச்சாகும். 111111, 222222 போல ஆறும் ஒரே இலக்கமாக வருபவை அதில் ஒன்பதே. 000001 ஒன்று. ஏழு இலக்கத்தோடு முடியும் 1000000 ஒன்று. சேகரிப்பவர்கள் இவற்றுக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. 786 கதை வேறு. அந்த மூன்று இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் நோட்டுகள் ஒரே தொகுப்பில் ஏறக்குறைய நாலாயிரம் இருக்கும். எத்தனையோ தொகுப்புகள் அச்சாகியிருப்பதால் 786க்குக் கொடுக்கும் விலை நம்பிக்கைக்கான விலைதான், அருமைக்கானது அல்ல. நட்சத்திரக் குறி போட்ட நோட்டும் அப்படித்தான். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக 2006 முதல் வைக்கப்படுவது அது. சில தொகுப்புகளில் அரிது, பலவற்றில் சாதாரணம்.

கையெழுத்தும் எண்ணும் தேறினாலும், காகிதம் காலை வாரிவிடும். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தால்கூட நோட்டு 'புழங்காதது' என்ற தரத்திலிருந்து இறங்கிவிடும். இதை நேராகப் பார்த்தால் தெரியாது. விளக்குக்குப் பக்கவாட்டில் நோட்டைச் சாய்த்துப் பிடித்தால் மடிப்பின் கோடு நிழலாக எழும். மடிப்பை மறைக்க நோட்டை நனைத்து, அழுத்தி, சலவை நோட்டுபோல ஆக்கி விற்பவர்கள் உண்டு. அசலில் மேடாக எழும்பி நிற்கும் அச்சுப்பகுதி அழுத்தத்தில் தட்டையாகிவிடும். காகிதம் தளர்ந்து துணிபோல இருக்கும். சோப்புத்தூள் பட்டிருந்தால் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். நோட்டுக்கான பருத்திக் காகிதம் இயல்பில் அப்படி ஒளிராது. தரச்சான்று நிறுவனங்கள் 70 வரை மதிப்பெண் போடும்போது, காகிதத்தைச் 'சரிசெய்த' நோட்டைத் தனியே குறிப்பிட்டுவிடுகின்றன. விலை அங்கேயே சரிந்துவிடும்.

இந்திய நோட்டுக்கென்றே ஒரு குறை உண்டு. நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் குத்துவதை நிறுத்தும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்னது 2001இல்தான். அதனால் பழைய கட்டிலிருந்து வந்த புத்தம்புது நோட்டிலும் பின் துளை இருக்கும். அந்தத் துளையைச் சேகரிப்பவர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். செல்லோடேப் கறையையும் பேனாவில் எழுதிய கணக்கையும் பொறுக்க மாட்டார்கள். பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்தால் அதைப் பிரிக்கவே முடியாது. கிடைத்த நிலையிலேயே, மடிக்காமல், கெட்டியான உறையில் வைப்பதே போதும்.

விற்கப் போகும்போது, ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே கமிஷனோ வரியோ கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பழைய நோட்டு வாங்கும், விற்கும் எந்த ஏற்பாட்டிலும் தனக்குத் தொடர்பில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.