எக்செல் தாளில் லட்சமும் கோடியும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்காக அச்சிட்ட செலவு அறிக்கையில் 13,421,500 என்று ஒரு தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உரக்கப் படிப்பவர் முதல் காற்புள்ளியைக் கண்டதும் "பதின்மூன்று லட்சத்து..." என்றுதான் தொடங்குவார். உண்மையில் அது ஒரு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய். பயன்பாட்டுச் சான்றிதழில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். எழுத்தில் எழுதுபவர் எண்ணைப் பார்த்துத்தான் எழுதுவார். காற்புள்ளி இடம் மாறினால் எழுத்தும் மாறிவிடும்.

ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இந்திய முறை, பன்னாட்டு முறை என இரண்டையும் நாமே கற்பிக்கிறோம். எங்கள் பள்ளியில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை பெரும்பாலும் என்னிடம் வருவதால், எக்செல்லிலும் இந்திய முறையை எப்படிக் கொண்டுவருவது என்று தேடிக் கற்றுக்கொண்டேன். அதை இங்கே பகிர்கிறேன்.

கணினியின் வட்டார அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அந்தக் கணினியில் போதும். அதே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, வேறு அமைப்புள்ள கணினியில் திறந்தால் காற்புள்ளிகள் பழையபடி ஆயிரம், மில்லியன் என்று மாறி நிற்கும். வட்டார அமைப்பு கணினியோடு தங்கிவிடுகிறது. தனிப்பயன் வடிவமோ கோப்போடு சேர்ந்து செல்கிறது. அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். B2 செல்லில் வகுப்பறைக் கட்டடச் செலவு 12450000, B3 செல்லில் பழுதுபார்ப்பு 875000, B4 செல்லில் குடிநீர் வசதி 96500. தட்டச்சு செய்யும்போது காற்புள்ளி எதுவும் இட வேண்டாம். B5 செல்லில் `=SUM(B2:B4)` என்று கொடுங்கள். இப்போது B2 முதல் B5 வரை தேர்ந்தெடுத்து `Ctrl+1` அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் `Number` பகுதிக்குச் சென்று, `Custom` என்பதைத் தேர்ந்து, `Type` கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு இதை இடுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

`OK` கொடுத்ததும் 1,24,50,000, 8,75,000, 96,500 என்றும் மொத்தம் 1,34,21,500 என்றும் தெரியும்.

இந்த வரி மிரட்டுவதுபோல் இருந்தாலும் அமைப்பு எளியது. அரைப்புள்ளிகள் இதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. முதல் பகுதி ஒரு கோடியும் அதற்கு மேலும் உள்ள எண்களுக்கு. இரண்டாவது ஒரு லட்சம் முதல் கோடிக்குள் இருப்பவைக்கு. மூன்றாவது மற்ற எல்லாவற்றுக்கும்.

காற்புள்ளிக்கு முன் பின்சாய்வுக் கோடு ஏன்? `##,##,##0` என்று நேரடியாகக் கொடுத்தால், காற்புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எக்செல் கவனிப்பதில்லை. "காற்புள்ளி வேண்டும்" என்று மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழக்கப்படி பிரித்துவிடும். பின்சாய்வுக் கோடு இட்டால், "இந்தக் குறியை இதே இடத்தில் அப்படியே அச்சிடு" என்று பொருள்.

அப்படியே அச்சிடுவதால்தான் நிபந்தனைகளும் தேவைப்படுகின்றன. லட்சத்துக்கான வடிவத்தை மட்டும் எல்லாச் செல்களுக்கும் கொடுத்தால், 5000 என்ற எண் `,5,000` என்று முன்னால் ஒரு வெற்றுக் காற்புள்ளியுடன் வரும். அறிக்கையில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நிபந்தனைப் பகுதி விடுபட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, குறை எண்கள். ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் எக்செல் ஏற்பதில்லை. இரண்டையும் நாம் பயன்படுத்திவிட்டோம். ஆகவே பற்றாக்குறை -245000 என்றால் அது மூன்றாம் பகுதிக்குப் போய், பன்னாட்டு அமைப்புள்ள கணினியில் -245,000 என்று தெரியும். இதற்கு `Conditional Formatting` உதவும். -100000 அல்லது அதற்கும் குறைவான மதிப்புக்கு ஒரு விதி அமைத்து, அதன் எண் வடிவமாக `##\,##\,##0` என்பதை மட்டும் கொடுங்கள். குறைக்குறியை எக்செல்லே சேர்த்துக்கொள்ளும். -2,45,000 என்று சரியாக வரும். பற்றாக்குறை கோடியைத் தொடாத வரை இந்த ஒரு விதி போதும்.

இரண்டாவது, பைசா. 99999.60 என்ற தொகை இந்த வடிவத்தில் 100,000 என்று தெரியும். செல்லில் உள்ள மதிப்பு லட்சத்துக்குக் குறைவு என்பதால் மூன்றாம் பகுதி வேலை செய்கிறது. காட்டும்போதுதான் முழுமையாக்கி ஒரு லட்சமாக்குகிறது. பைசா வரக்கூடிய இடங்களில், சூத்திரத்திலேயே `=ROUND(SUM(B2:B4),0)` என்று முழு ரூபாயாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

அடுத்து, தொகையை ஒரு வாக்கியத்துக்குள் கொண்டுவருவது. `="மொத்தச் செலவு ரூ. "&B5` என்று எழுதினால் "மொத்தச் செலவு ரூ. 13421500" என்று காற்புள்ளியே இல்லாமல் வரும். `&` குறி செல்லின் மதிப்பை மட்டும் எடுக்கிறது. வடிவம் செல்லிலேயே நின்றுவிடுகிறது. வாக்கியத்திலும் காற்புள்ளி வேண்டுமென்றால் `TEXT` சூத்திரம் தேவை. நீண்ட வடிவத்தை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வதைத் தவிர்க்க, மேலே கொடுத்த வரியை H1 செல்லில் ஒரு முறை இட்டுவிடுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

```
="மொத்தச் செலவு ரூ. "&TEXT(ROUND(B5,0),$H$1)
```

"மொத்தச் செலவு ரூ. 1,34,21,500" என்று வரும். `$` குறிகள் இருப்பதால் சூத்திரத்தை வேறு செல்லுக்கு நகலெடுத்தாலும் அது H1 செல்லையே பார்க்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தனிப்பயன் வடிவம் தோற்றத்தை மட்டும் மாற்றுகிறது. செல்லில் இருப்பது எண்தான். `TEXT` தருவதோ எண் அல்ல, எழுத்து. அத்தகைய செல்கள் உள்ள பத்தியை `SUM` கொண்டு கூட்டினால் விடை 0 என்று வரும். சில செல்கள் மட்டும் அப்படி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கூட்டி, நம்பும்படியான ஒரு தவறான விடை வரும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நாம் சீரமைப்பு எதுவும் செய்யாத செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஐயம் இருந்தால் `=ISNUMBER(B3)` என்று கேட்டுப் பாருங்கள். `FALSE` வந்தால் அது எழுத்து. எனவே கணக்குப் பத்திகளில் தனிப்பயன் வடிவத்தையும், கடிதத்துக்கான வாக்கியங்களில் மட்டும் `TEXT` சூத்திரத்தையும் வைத்துக்கொள்வது நல்லது.

அறிக்கையை அனுப்பும் முன், ஓரமாக ஒரு பத்தியில் 0, 999, 1000, 99999, 100000, 9999999, 10000000 ஆகிய எண்களை இட்டு அதே வடிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். 0, 999, 1,000, 99,999, 1,00,000, 99,99,999, 1,00,00,000 என்று வந்தால் வடிவம் சரி. லட்சம், கோடி எல்லைகளை இந்த எண்கள் தொட்டுவிடுவதால், சுழியம் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு அந்தப் பத்தியை நீக்கிவிடலாம்.