கணக்காளர் எந்தத் தேதியில் விடைபெறலாம்?

ஈரோட்டில் அப்பாவும் இரண்டு மகன்களும் நடத்தும் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கடையிலும் கிடங்கிலுமாக 24 பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டு விற்பனை ஒன்பது கோடி ரூபாய். கணக்கு எழுத ஒரே ஒருவர்தான். ஜனவரி 10ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டவர். இப்போது அவருக்குக் கோவை மில் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாளி மீது அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை; முதலாளிக்கும் அவர் மீது குறை இல்லை. மில்லில் ஜூலை 1ஆம் தேதி வந்து சேரச் சொல்கிறார்கள்.

ஜூன் 30ஆம் தேதியோடு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கணக்காளர் எழுதும் ராஜினாமா கடிதத்தில் வேறெந்த வரியையும்விட யோசித்து எழுத வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

ஜூன் மாதம் விற்ற சரக்குக்கான பில்களை ஜூலை 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 என்பது இதுதான். ஏற்றிய பில்கள் 14ஆம் தேதி வாக்கில், சரக்கு வாங்கியவர்களின் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலாகத் தெரியும். சேலத்தில் துணி வாங்கிய கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, 20ஆம் தேதிக்குள் தன் பங்கைக் கட்டுவார். ஈரோட்டில் பில் ஏறவில்லை என்றால் சேலத்துக்காரருக்கு அந்த மாதம் கழிவு கிடைக்காது. கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய் என்ற கட்டணத்தைக் கடை தாங்கிக்கொள்ளும். பத்து வாடிக்கையாளர்கள் வரிசையாகப் போன் போட்டு, “எங்க பில் எங்கே அண்ணா?” என்று கேட்பதைத் தாங்குவதுதான் கஷ்டம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்த டிடிஎஸ் தொகைக்கான காலாண்டு ரிட்டர்னுக்கும் ஜூலை 31தான் கடைசி நாள். அவர் ஜூன் 30இல் கிளம்பினால் இத்தனையும் புதிதாக வருபவரின் தலையில் விழும். அவருக்கோ எந்த வாடிக்கையாளர் யார் என்றுகூட இன்னும் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் தள்ளிப்போவதில் கணக்காளருக்கும் லாபம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றி விலகுபவருக்குப் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த கடைசி மாதத் தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மிச்ச மாதங்கள் ஆறைத் தாண்டினால் அதுவும் ஒரு முழு ஆண்டாகச் சேரும். இவருடைய சம்பளம் 26,000 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 15,000 கிடைக்கும். ஜூன் 30இல் விலகினால் ஒன்பது ஆண்டும் ஐந்து மாதமும் சில நாட்களும்தான். கணக்கில் ஒன்பது ஆண்டு, 1,35,000 ரூபாய். ஜூலை 31இல் விலகினால் ஆறு மாதம் தாண்டிவிடும்; பத்து ஆண்டு, 1,50,000 ரூபாய். மில்லில் பேசி ஆகஸ்ட் 1ஆம் தேதி சேர அனுமதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

குடும்ப நிறுவனத்தில் கடிதம் கொடுப்பதற்கு முன் நேரில் சொல்லிவிட வேண்டும். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து முதலில் பெரியவரிடம் சொல்வதுதான் முறை. செக்கில் கையெழுத்துப் போடுவது மூத்த மகனாக இருந்தாலும், தகவல் அவர் வழியாகப் பெரியவருக்குப் போய்ச் சேர்ந்தால் மனம் சங்கடப்படும். கடிதம் அதன் பிறகுதான். அது இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, ஜூலை 31ஆம் தேதியுடன் நம் நிறுவனத்தின் கணக்காளர் பணியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன். கோவையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்களையும் முதல் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னையும் முடித்துக் கொடுத்துவிட்டுச் செல்கிறேன். புதிதாக வருபவருக்கு ஜூலை மாதம் உடனிருந்து வேலையைச் சொல்லித் தருகிறேன். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலை இணைத்திருக்கிறேன். செப்டம்பர் 30 வரை ஆடிட்டர் கேட்கும் விவரங்களுக்கு மாலையில் போனில் பதில் சொல்கிறேன். என் மகளைக் கல்லூரியில் சேர்த்தபோது நீங்கள் முன்பணம் கொடுத்து உதவியதை மறக்க மாட்டேன்.”

இவ்வளவு போதும். புதிய சம்பளம் எவ்வளவு, இங்கே என்ன குறை என்பதெல்லாம் இதில் வேண்டாம். நன்றியைப் பொதுவாகச் சொல்லாமல், நடந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் படிக்கும் பெரியவருக்கு அது போய்ச் சேரும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல உறவில் இதைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை. பணிக்கொடைக் கணக்கு இந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது.

கடிதத்தோடு இணைக்கும் பட்டியலில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. சின்ன நிறுவனங்களில் ஜிஎஸ்டி தளத்துக்கு வரும் ஓடிபி பெரும்பாலும் கணக்காளரின் சொந்த போனுக்குத்தான் வரும். பதிவு செய்த நாளில் அவர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அவர் போன பிறகு, பாஸ்வேர்டை மறந்த ஒரு நாளில் கடையே அவருக்காகக் காத்திருக்கும். எனவே எண்ணையும் மின்னஞ்சலையும் முதலாளியுடையதாக மாற்றும் வேலையை ஜூலை முதல் வாரமே முடித்துவிட வேண்டும். வருமான வரித் தளம், இ-வே பில், வங்கி எல்லாவற்றிலும் இதையே பார்க்க வேண்டும். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கணக்காளரின் மேசை டிராயரில் கிடந்தால், அதை அவர் கையில் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. பாஸ்வேர்டுகளைக் காகிதத்தில் எழுதக் கூடாது. எதிரில் உட்கார வைத்து முதலாளியையே மாற்றச் சொல்ல வேண்டும். டேலி பேக்கப்பை எடுத்தால் போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, இருப்புத் தொகை ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

“கணக்குகள் அனைத்தும் சரியாக உள்ளன” என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. பின்னால் எது முளைத்தாலும் அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கும். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதலாம். ஜூலை 31 வரை வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தாயிற்று. கல்லாவில் இருந்த ரொக்கத்தை இருவரும் எண்ணிப்பார்த்தோம். ஒரு சாயப்பட்டறையின் லெட்ஜரில் 18,400 ரூபாய் இடிக்கிறது, திருப்பி அனுப்பிய சரக்குக்கு அவர்கள் இன்னும் கிரெடிட் நோட் தரவில்லை. இப்படி எழுதிய குறிப்பு புதிதாக வருபவரின் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

கடைசியாக, எளிதில் விட்டுப்போகும் ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போனவர்களுக்கெல்லாம் பிஎஃப் தளத்தில் விலகிய தேதியைப் பதிந்தவர் இந்தக் கணக்காளர்தான். அவருக்கே அதைப் பதிய இப்போது ஆள் இல்லை. அந்தத் தேதி ஏறாவிட்டால் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றுவது இழுபறியாகும். கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே அதைப் பதிய முடியும் என்றாலும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்கும் கடைசிப் பாடமாக இதை வைத்துக்கொண்டு, ஜூலை மாதப் பிஎஃப் கட்டியதும் தன் பெயரில் பதியச் சொல்லிப் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.