ஐந்து எம்பி புடவை

பிரீபெய்டு பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று கொடுக்கிறார்கள். அது தீர்ந்தாலும் நெட் அடியோடு நின்றுவிடாது. பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு வெறும் 8 கேபி. பகலெல்லாம் ரீல்ஸ் ஓடிய போனில் இரவு ஒன்பது மணிக்கு இதுதான் நிலைமை. வாட்ஸ்அப்பில் நாலு வரி போகும், வரும். மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஆற அமரப் புடவை பார்க்க உட்காரும் நேரமும் அதுதான்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சிறு கடை இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைத் தட்டியவர் முதலில் வந்து இறங்கும் இடம்தான் லேண்டிங் பேஜ். புடவைப் படம், விலை, ஆர்டர் பட்டன், இவ்வளவுதான் அங்கே தேவை. ஆனால் ரெடிமேட் டெம்ப்ளேட்டில் செய்த பக்கம் 5 எம்பி எடையில் வந்து நிற்கிறது. படங்கள் 3.8 எம்பி, ஸ்கிரிப்டுகள் 800 கேபி, எழுத்துருக்கள் 300 கேபி, மீதி இதர சில்லறை.

கூகுளின் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி, மந்தமான மொபைல் இணைப்புக்கு 1.6 எம்பிபிஎஸ் வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் இந்தப் பக்கம் முழுதாக வர 25 நொடி ஆகும். டேட்டா தீர்ந்த போனில் பத்து நிமிடத்துக்கு மேல். பத்து நிமிடம் யார் காத்திருப்பார்கள்? தட்டியதற்கான காசு மட்டும் கடைக்காரர் கணக்கில் ஏறிவிடும்.

இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாதது அல்ல. மெட்டாவின் விளம்பர அறிக்கையில் "Link clicks" என்று ஓர் எண்ணும், "Landing page views" என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முதலாவது தட்டியவர்கள், இரண்டாவது பக்கம் திறக்கும்வரை இருந்தவர்கள். ஆயிரம் பேர் தட்டி அறுநூறு பேருக்குத்தான் பக்கம் திறந்தது என்றால், நானூறு பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அதில் கைதவறித் தட்டியவர்களும் உண்டு என்பதால் முழுப் பழியையும் வேகத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்தால் விலையையும் வாசகத்தையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் பக்கத்தின் எடையைப் பார்ப்பது நல்லது.

குறைக்க வேண்டிய முதல் இடம் படங்கள். போன் கேமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். பார்ப்பவரின் விலை குறைந்த போன் திரையோ பெரும்பாலும் 720 பிக்சல்தான். மீதியெல்லாம் டவுன்லோட் ஆகி, சுருங்கி, வீணாகப் போகிறது. படத்தை 720 அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) வடிவில் 75 தரத்தில் சேமித்தால் ஒரு படம் சுமார் 80 கேபிக்குள் அடங்கிவிடும். புடவைக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: சுங்குடியின் பொடிப்புள்ளிகளும் ஜரிகையும் அதிகம் அழுத்தினால் குழம்பிவிடும். அரக்கு வேறு நிறமாகத் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும், அந்தச் செலவு பெரிது. ஆகவே அளவைத் தாராளமாகக் குறைக்கலாம். தரத்தைக் குறைக்கும்போது அசல் புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

அடுத்தது, எந்தப் படம் எப்போது வர வேண்டும் என்பது:

```html
<img src="sungudi.webp" width="720" height="900" fetchpriority="high" alt="அரக்குச் சுங்குடி">
<img src="munthanai.webp" width="720" height="900" loading="lazy" alt="முந்தானை">
```

முதல் படத்துக்கு முன்னுரிமை. கீழே இருப்பவை, பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போது வந்தால் போதும். பலர் எல்லாப் படத்துக்கும் lazy போட்டு, முதலில் தெரிய வேண்டியதையே தாமதமாக்கிவிடுகிறார்கள். அகலமும் உயரமும் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அவை இல்லாவிட்டால் படம் வந்ததும் பக்கம் குதித்துக் கீழே நகரும். ஆர்டர் பட்டனைத் தொடப் போன விரல் வேறெதையோ தொடும்.

ஸ்கிரிப்டுகள் எடையில் குறைவு, தொல்லையில் அதிகம். படம் வந்தால் காட்டுவதோடு வேலை முடிந்தது. ஸ்கிரிப்டையோ போனின் பிராசஸர் படித்து, இயக்க வேண்டும். விலை குறைந்த போன் அந்த நேரத்தில் திணறும். பக்கம் தெரியும், பட்டன் வேலை செய்யாது. ஓடும் ஸ்லைடர், "10% தள்ளுபடி" என்று குதிக்கும் பாப்அப், மூலையில் மினுங்கும் சாட் பெட்டி எல்லாம் இந்த வகை. சாட் பெட்டிக்குப் பதில் ஒரு வாட்ஸ்அப் லிங்க் போதும். வாங்குகிறவருக்கும் அதுதான் கைப்பழக்கம்.

எழுத்துருவை முழுதாகவே விட்டுவிடலாம். இன்றைய ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அழகுக்காக இன்னொன்றை வரவழைத்தால், அது வரும்வரை குரோம் சுமார் மூன்று நொடி எழுத்துகளைக் காட்டாமலே வைத்திருக்கும். விலையே தெரியாத பக்கத்தில் எழுத்து அழகாக இருந்து என்ன பயன்?

இவ்வளவும் செய்தால் 250 கேபியில் பக்கம் முடிந்துவிடும். மந்தமான 4ஜியில் அந்த எடை இறங்க ஒன்றேகால் நொடி, இணைப்பு ஏற்படும் நேரம் தனி. டேட்டா தீர்ந்த போனில் அப்போதும் அரை நிமிடம் ஆகும்தான். ஆனால் பெயர், விலை, பட்டன் அடங்கிய எழுத்துப் பகுதி 15 கேபிகூட இருக்காது. அது முதல் சில நொடியில் தெரிந்துவிடும். முதல் படம் அதற்குப் பின் பத்து நொடியில் நிரம்பும். படிக்க ஏதாவது இருந்தால் மனிதர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள். வெள்ளைத் திரைக்கு யாரும் காத்திருப்பதில்லை.

சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. யூடியூபில் கிறிஸ் ஜகாரியாஸ் என்ற பொறியாளர், 1.2 எம்பி இருந்த வீடியோ பக்கத்தை 98 கேபிக்குக் கொண்டுவந்தார். ஃபெதர் என்று அதற்குப் பெயர். வெளியிட்டுப் பார்த்தால் பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது! நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போன்ற இடங்களில் பழைய பக்கம் திறக்க இருபது நிமிடம் ஆகும் என்பதால் யூடியூப் பக்கமே வராதிருந்தவர்கள், இரண்டு நிமிடம் என்றதும் வரத் தொடங்கியிருந்தார்கள். அந்த மெதுவான இணைப்புகளும் கணக்கில் சேர்ந்ததால் சராசரி ஏறியது. ஆகவே பக்கத்தை இலகுவாக்கிய வாரத்தில் சராசரி மோசமானால் பதறிப் பழையதற்குத் திரும்பிவிடக் கூடாது. வருகை எண்ணையும் ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் தன் பக்கத்தை எப்போதும் கடை வைஃபையில், ஏற்கெனவே பலமுறை திறந்த போனில் பார்க்கிறார். படங்களெல்லாம் போனிலேயே சேமிப்பில் இருப்பதால் சட்டென்று திறக்கும், "நல்லாத்தானே ஓடுது" என்பார். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் மதிப்பெண் கிடைக்கும்; சிறு கடைகளுக்கு உண்மையான பயனாளர் தரவு போதாமல் ஆய்வுக்கூடக் கணக்கு மட்டும்தான் வரும், அதில் நூற்றுக்கு நூறு வாங்குவது ஒன்றும் லட்சியமல்ல. அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்து, அன்றைய டேட்டா தீர்ந்த பிறகு, இன்காக்னிட்டோவில் உங்கள் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். விலை தெரிவதற்குள் உங்களுக்கே பொறுமை போனால், அடுத்த விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.