முன்னும் பின்னும் அலையும் வெப்கேம்

வீணை டீச்சர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கும் மாணவிக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறார். மேசை விளிம்பில் பொருத்திய வெப்கேம் அவரிடமிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. கமகத்தைக் காட்ட இடது கை மெட்டுகளின் மேல் ஓடும்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே முறையீடு: "டீச்சர், மறுபடியும் மங்குது." படம் லேசாகப் பெருத்து, சுருங்கி, இரண்டு விநாடி கழித்துத் தெளிகிறது. கை அசைந்தால் திரும்பவும் அதே கதை.

கேமரா பழுதாகவில்லை. பெரும்பாலான வெப்கேம்களுக்கு எதிரே இருக்கும் பொருளின் தூரத்தை அளக்கத் தெரியாது. படத்தில் விளிம்புகள் எவ்வளவு கூர்மையாக விழுகின்றன என்பதை மட்டும் பார்க்கும். கூர்மை குறைந்தால் லென்ஸை ஒரு பக்கம் நகர்த்திப் பார்க்கும். இன்னும் மோசமானால் எதிர்ப்பக்கம் போகும். சரியான இடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து திரும்பி வரும். நாம் பார்க்கும் அலைச்சல் இதுதான்.

வெளிச்சம் குறைந்த அறையில் இது இன்னும் மோசமாகும். இருட்டைச் சரிக்கட்ட கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளி வாங்குகிறது. அதனால் விநாடிக்கு 30 படம் வர வேண்டிய இடத்தில் 15 தான் வரும், அசையும் கை இழுபட்டுத் தெரியும், புள்ளி புள்ளியாக இரைச்சலும் ஏறும். இவற்றை நம்பித்தான் ஃபோகஸ் முடிவெடுக்க வேண்டும். ஒளி அளவு தானாக மாறும் ஒவ்வொரு முறையும் படத்தின் கூர்மையும் மாறுவதால், ஒன்றும் அசையாதபோதும் ஃபோகஸ் தேடத் தொடங்கிவிடலாம். டியூப்லைட்டுக்குக் கீழே மின்விசிறி சுற்றும் வீடுகளில் இறக்கைகளின் நிழலே இதற்குப் போதும். ஃபோகஸை மட்டும் பூட்டினால் பாதி வேலைதான் முடிகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

எது அலைகிறது என்று கண்டுபிடிக்க, பின்சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பாருங்கள். முகம் மங்கும் நேரத்தில் அதன் எழுத்து தெளிந்தால் குற்றம் ஃபோகஸில். சுவரின் வெள்ளை கூடிக் குறைந்தால் எக்ஸ்போஷரில்.

விண்டோஸ் கணினியில் பூட்டுவதற்கு இலவச மென்பொருளான OBS Studio போதும். Video Capture Device என்று கேமராவைச் சேர்த்து, அதன் Properties-இல் Configure Video பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் Camera Control என்ற தாவலில் Exposure, Focus இரண்டும் இருக்கும். பக்கத்தில் Auto என்ற கட்டம். Focus மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் உங்கள் கேமராவில் நகரும் லென்ஸ் இல்லை என்று அநேகமாக வைத்துக்கொள்ளலாம். பல மடிக்கணினிகளின் உள்கேமரா அப்படித்தான். அதற்கு எக்ஸ்போஷரை மட்டும் கவனித்தால் போதும்.

முதலில் வகுப்பு நேரத்தில் எரியும் விளக்குகளையெல்லாம் போட்டுவிட்டு எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். அதில் வரும் எண்கள் விசித்திரமாக இருக்கும்: -4 என்றால் விநாடியில் 16-இல் ஒரு பங்கு, -5 என்றால் 32-இல் ஒன்று, -6 என்றால் 64-இல் ஒன்று. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி பாதியாகிறது. வீணை டீச்சரின் கேமரா தானாக -4-இல் நின்றிருந்தால் விரல்கள் குழம்பித் தெரிந்ததில் வியப்பில்லை. -5-க்கு இறக்கி, குறையும் வெளிச்சத்தை முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு வைத்து ஈடுகட்டலாம். -6 இன்னும் கூர்மை தரும். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. 64-இல் ஒரு பங்கு நேரத்தில் அந்தத் துடிப்பு முழுதாக அடங்காது, எனவே படத்தில் கறுப்புப் பட்டைகள் மெல்ல நகரலாம். 32-இல் ஒரு பங்கில் ஏறக்குறைய மூன்று துடிப்புகள் அடங்கிவிடுவதால் பட்டை அவ்வளவாகத் தெரியாது.

அடுத்து ஃபோகஸ். Auto கட்டத்தை எடுத்துவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் முகத்தருகே ஒரு செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைப்பைப் பார்க்காதீர்கள், பெரிய எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படிக்க வரும், ஏமாந்துவிடுவோம். வரி விளம்பரப் பொடி எழுத்து தெளியும்வரை ஸ்லைடரை நகர்த்தி, தெளிவு போகும் வரை தாண்டிப் போய், பிறகு நடுவுக்குத் திரும்புங்கள். வெப்கேமின் சென்ஸார் சிறியது என்பதால் நாலைந்து அங்குலம் முன்னே பின்னே சாய்ந்தாலும் தெளிவு போகாது. சுரக் குறிப்பை லென்ஸுக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினால் மட்டும் மங்கும். அதை உங்கள் முகம் இருக்கும் தூரத்திலேயே பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கேபிளைக் கழற்றி மாட்டினாலோ, வேறு செயலி கேமராவைத் திறந்தாலோ சில கேமராக்கள் மறுபடி தானியங்கிக்குப் போய்விடும். அதனால் OBS-ஐ மூடாமல் Start Virtual Camera அழுத்தி, ஜூமில் கேமராவாக OBS Virtual Camera-வைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வகுப்பின் நடுவில் ஜன்னல் வெளிச்சம் குறைந்தாலும் அழைப்பைத் துண்டிக்காமல் ஸ்லைடரைத் தொடலாம். மாலை வகுப்பில் அது தேவைப்படும். பூட்டிய எக்ஸ்போஷர் இருட்டைத் தானாகச் சமாளிக்காது.